சித்தப்பாவின் இரண்டு மார்க்

எங்கள் மாலை நேரக் கல்லூரியில் முதல் நாள் வகுப்பில் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னது பேராசிரியருக்கு அல்ல. இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, காதோரம் நரை. வாசலில் வந்து நின்ற ஆளைப் பார்த்தவுடன் வகுப்பே எழுந்துவிட்டது. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. யாரும் இல்லை. "உக்காருங்க, உக்காருங்க, நானும் உங்ககூட உக்காரத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்றே அவருக்குச் 'சித்தப்பா' என்று பேர் விழுந்துவிட்டது. யார் முதலில் கூப்பிட்டது என்று தெரியாது. மூன்று வருடமும் அவருக்கு வேறு பேரில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மேடம் அவருடைய சொந்தப் பேரைச் சொன்னால் வகுப்பே யாரது என்று திரும்பிப் பார்க்கும்.

சித்தப்பா குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவர். ஷிப்ட் வேலை. இருபது வயதில் சேர்ந்து, வால்வு திறப்பது, மூடுவது, மோட்டார் சூடானால் தொட்டுப் பார்த்தே சொல்வது என்று காலம் ஓடியிருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்த பையன்கள் பட்டம் வாங்கிக்கொண்டு மேற்பார்வையாளர் ஆனார்கள். அவர்கள் போட்ட ஷிப்ட் அட்டவணைப்படி இவர் ராத்திரி வேலைக்குப் போனார். நாற்பதை நெருங்கும்போதுதான் அவருடைய மனைவி ஒரு நாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "நீங்களும் படிச்சா என்ன, தலையா வெடிச்சிடும்?" என்று கேட்டாராம். அவரை நாங்கள் சித்தி என்போம். வகுப்பில் பாதிப் பேருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவர்.

என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் ஊரில் அரசாங்கத் தாள் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் வகுப்பிலும் எல்லோருடைய ஆன்லைன் விண்ணப்பமும் என் கையில்தான் நடக்கும். அதனால் கடைசிப் பருவத் தேர்வு முடிவு வந்த அன்று சித்தப்பா தன் செல்போனை என்னிடம் நீட்டியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பம்ப் ஹவுசில் இருந்தோம். மோட்டார் சத்தத்தில் நான் படித்ததை இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் எழுத்துத் தேர்வு எழுபத்தைந்துக்கு முப்பத்து மூன்று. கல்லூரியிலேயே போடுகிற அக மதிப்பெண் இருபத்தைந்துக்கு இரண்டு. ஆக முப்பத்தைந்து. தேற நாற்பது வேண்டும்.

"ரெண்டா?" என்றேன்.

"ரெண்டுதான் இருக்கும்" என்றார் சித்தப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. அந்தப் பாடம் எங்கள் வகுப்பாசிரியை மேடத்தின் பாடம். ராத்திரி ஷிப்ட் வாரங்களில் சித்தப்பா பாதி வகுப்பில் எழுந்து போய்விடுவார். மேடம் ஒரு நாளும் தடுத்ததில்லை. வருகைப் பதிவிலும் கைவைத்ததில்லை. அதற்கெல்லாம் சேர்த்து வைத்துக் கடைசியில் அக மதிப்பெண்ணில் கணக்குத் தீர்த்துவிட்டார் என்று சித்தப்பா முடிவு செய்துகொண்டார். அதுவும் நியாயம்தான் என்றும் முடிவு செய்துகொண்டார்.

விஷயம் அதோடு போயிருந்தால் அடுத்த பருவத்தில் மறுபடி எழுதியிருப்பார். ஆனால் அந்த வருடம் குடிநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. பட்டப்படிப்பு முடித்தவர்கள் மாதக் கடைசிக்குள் மதிப்பெண் பட்டியலைக் காட்டவேண்டும். அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறவர்கள் எல்லோரும் சித்தப்பாவைவிடச் சின்னவர்கள்; அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் இவர் ஓய்வு பெற்றுவிடுவார்.

எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ரீவேல்யுவேஷன் போடு. ஐந்து மார்க்தானே, கிடைத்துவிடும். நானும் அதையேதான் செய்தேன். முதலில் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பம், அது வந்த பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம். பணம் கட்டிய ரசீதையும் விண்ணப்ப எண்ணையும் படம் பிடித்து அவர் போனிலும் என் போனிலும் வைத்தேன். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் ஒரு வார்த்தை வரும்: பெண்டிங்.

அந்த வார்த்தை சித்தப்பாவுக்கு மிகவும் வசதியாகிவிட்டது. வீட்டில் அவர் பெயில் என்று சொல்லவே இல்லை. பெண்டிங் என்றுதான் சொன்னார். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகள் தினமும் கேட்பாள், அப்பா பாஸா பெயிலா என்று. இரண்டும் இல்லை, பெண்டிங் என்பார். அவளும் பிடித்துக்கொண்டாள். வீட்டுப்பாடம் செய்தாயா என்று கேட்டால் பெண்டிங். தலை சீவினாயா, பெண்டிங். ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போது சித்தி துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இந்த வீட்ல எல்லாம் பெண்டிங்கா இருந்தா சோறும் பெண்டிங்தான். சொல்லிட்டேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். சித்திக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

விடைத்தாள் நகல் வந்தபோதே எனக்குக் கொஞ்சம் இடித்தது. ஒரு கேள்விகூடத் திருத்தாமல் விடப்படவில்லை. கூட்டலும் சரி. எழுதியதற்குத் தகுந்த மார்க்தான். மறுமதிப்பீட்டில் ஐந்து கூடும் என்று சொல்ல மனசு வரவில்லை. அப்படியானால் வேறு எங்கே தேடுவது? என்னுடைய பட்டியலை எடுத்து அவருடையதோடு சேர்த்து வைத்தேன். அதே பாடத்தில் எனக்கு அக மதிப்பெண் இருபது என்று இருந்தது.

ஆனால் மேடம் எனக்குப் போட்டது இருபது இல்லை. பதினெட்டு. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பதினெட்டைப் பத்தொன்பதாக்கச் சொல்லி மேடத்தோடு வராந்தா முழுக்க நடந்து கெஞ்சி, முடியாது என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கல்லூரியில் அக மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றும் முன் ஒவ்வொருவரும் தாளில் தங்கள் மார்க்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

"சித்தப்பா, நீங்க கையெழுத்துப் போடும்போது எவ்வளவு இருந்துச்சு?"

"பாக்கல."

"பாக்காம எப்படிப் போட்டீங்க?"

"ஷிப்டுக்கு நேரமாச்சு. எங்க போடணும்னு கேட்டேன், இங்கன்னாங்க, போட்டேன். வேலைல சேந்ததுலேருந்து அப்படித்தாண்டா போட்டுக்கிட்டு இருக்கேன்."

பதிவெண் வரிசையில் சித்தப்பாவுக்கு அடுத்தவன் நான். எனக்கு அடுத்தவன் 'ரிட்டர்ன்'. முந்தைய வருடம் விபத்தில் கால் உடைந்து படிப்பை நிறுத்தி, கடைசிப் பருவத்தில் மறுபடி வந்து சேர்ந்தவன். அதனால் அந்தப் பேர். அந்தப் பாடத்து டெஸ்ட்களைப் போன வருடமே எழுதிவிட்டதால் அவன் எங்களோடு ஒரு டெஸ்ட்கூட எழுதவில்லை. அவனுக்குப் பழைய வருடத்து மார்க் வரவேண்டும். போனில் கேட்டேன். பதினெட்டு என்றான், போன வருடம் பதினாலுதான் இருந்தது, பாவப்பட்டுக் கூட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்றும் சொன்னான்.

என் பதினெட்டு அவனிடம். சித்தப்பாவின் இருபது என்னிடம். அப்படியானால் சித்தப்பாவிடம் இருக்கும் இரண்டு யாருடையது? அவருக்கு முன்னால் இருந்த பையன் முதல் டெஸ்டை மட்டும் எழுதிவிட்டுப் படிப்பை விட்டுப் போய்விட்டான். துறையின் தாளில் அவன் பேர் இன்னும் இருந்தது, பல்கலைக்கழகத்தின் திரையில் இல்லை. திரையில் ரிட்டர்ன் இருந்தான், தாளில் இல்லை. ஒருவர் பேரைச் சொல்லாமல் மார்க்கை மட்டும் மேலிருந்து கீழே வாசிக்க, இன்னொருவர் மேலிருந்து கீழே தட்டியிருக்கிறார். போனவனின் இடத்தில் ஒரு வரிசை இறங்கி, வந்தவனின் இடத்தில் தானாகவே சரியாகிவிட்டது. எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றுதான். யாருக்குச் சந்தேகம் வரும்?

இதைச் சொன்னபோது சித்தப்பா இரண்டு பட்டியலையும் வாங்கித் திரும்பவும் பார்த்தார். பிறகு, "அப்ப மேடம் எனக்கு இருபது போட்டிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்கு ஓடினேன். ஜன்னலில் இருந்த ஆபீஸ் அண்ணன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார். மறுமதிப்பீடு என்பது விடைத்தாளுக்கு மட்டும், அக மதிப்பெண்ணை அது தொடாது என்றார். அந்தப் பெண்டிங் முடிந்தாலும் இந்த இரண்டு இரண்டாகவே நிற்கும். இதற்குத் தனியாக மதிப்பெண் திருத்தக் கடிதம் போகவேண்டும், அதை மாணவர் அனுப்ப முடியாது. பாடம் எடுத்தவர் தவறு எப்படி நடந்தது என்று எழுதித் தரவேண்டும், துறைத் தலைவர் கையெழுத்திட்டு, முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத் தேர்வாணையருக்குப் போகவேண்டும். கையெழுத்துப் போட்ட மார்க் தாளின் நகல், டெஸ்ட் தாள்கள், தேர்வு முடிவின் நகல் இவ்வளவும் கூட இணைக்கவேண்டும். சித்தப்பாவுக்கு மட்டும் கேட்டால் திரும்பி வந்துவிடும், மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதவேண்டும் என்றும் சொன்னார்.

"உனக்கு ரெண்டு போகும். பரவால்லயா?"

பரவாயில்லை என்றேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சித்தப்பா மேடத்திடம் போக மறுத்துவிட்டார். தவறு எப்படி நடந்தது என்று மேடம் கைப்பட எழுதித் தரவேண்டும் என்பதுதான் சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருடம் தன்னை ஷிப்டுக்கு விட்டவரைத் தவறு செய்தேன் என்று எழுதச் சொல்வதா?

"ரீவேல்யுவேஷன் வரட்டும். அதுலயே வந்துட்டா அவங்களுக்கு ஏன் தொல்லை?"

"வரலன்னா?"

"பாப்போம்."

வந்தது. ஒரு மத்தியானம் பெண்டிங் போய், அந்த இடத்தில் 'மாற்றமில்லை' என்று வந்திருந்தது. மாதம் பாதி தாண்டிவிட்டது. அன்று சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டார், கல்லூரிக்கு வா என்று. நான் போகும்போது துறை அறையின் வெளியே இஸ்திரிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார், முதல் நாள் போலவே.

மேடம் தாள் திருத்திக்கொண்டிருந்தார். சித்தப்பா சுற்றி வளைத்தார். தன் வருகையைப் பற்றிச் சொன்னார், ஷிப்டைப் பற்றிச் சொன்னார், மன்னிப்புக்கூடக் கேட்டார். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நான் இரண்டு பட்டியலையும் மேசையில் வைத்தேன். மேடம் அலமாரியைத் திறந்து தாளை எடுத்தார். விரலை வைத்துக் கீழே இறக்கினார். போனவனின் பேரில் விரல் நின்றது.

"ரெண்டு வந்தப்பவே ஏன் வந்து கேக்கல?"

"நீங்க போட்டதுன்னு நெனச்சேன் மேடம்."

"நான் ரெண்டு போடுவேன்னு நெனச்சீங்களா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். மேடம் அவரைவிட வயதில் சின்னவர். அலமாரியிலிருந்து டெஸ்ட் தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு டெஸ்ட்லயும் உங்க பேப்பரத்தான் மத்தவங்களுக்கு எடுத்துக் காட்டினேன். நீங்க அன்னைக்கும் பாதியில போயிட்டீங்க." ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். "தப்பு என்னுது. எழுதித் தர்றதுக்கு எனக்கு என்ன? உக்காருங்க."

உட்கார்ந்து அங்கேயே எழுதினார். சித்தப்பா உட்காரவில்லை.

ரிட்டர்னிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவனுக்கு எழுத்துத் தேர்வில் நல்ல மார்க், நாலு போனாலும் முதல் வகுப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் விடுவானா? டீக்கடையில் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டான்.

"நொண்டி நொண்டி வந்து சேத்த சொத்து சித்தப்பா. இப்படி எழுதி வாங்குறீங்களே."

"உன் சொத்து இல்லடா, இவன் சொத்து" என்று என்னைக் காட்டினார் சித்தப்பா.

"அப்ப டீக்கு இவனே காசு குடுக்கட்டும்."

நான்தான் கொடுத்தேன்.

கடிதம் துறைத் தலைவரிடம் கையெழுத்தாகி மேலே போனது. நாங்கள் காத்திருந்தோம். நான் பழக்கதோஷத்தில் இணையதளத்தையே திறந்து திறந்து பார்த்தேன். அங்கே 'மாற்றமில்லை'தான் இருந்தது. அது மறுமதிப்பீட்டின் முடிவு. திருத்தக் கடிதம் அந்தத் தளத்தில் வரவே வராது என்பது எனக்குத் தெரியும், இருந்தும் பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தால் உங்கள் கல்லூரியிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றார்கள். கல்லூரியில் கேட்டால் அனுப்பியாகிவிட்டது என்றார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியாது. பல்கலைக்கழகத்துக்கே பஸ் ஏறிப் போய்ச் சத்தம் போட்டுவிடலாம் என்று நான் கிளம்பினேன். பட்டதாரி என்ற மிடுக்கு கொஞ்சம் இருந்தது.

சித்தப்பா என்னை உட்காரச் சொன்னார். கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் வந்தால் தன் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். குழாயடியில் நின்றுகொண்டு குழாயை முறைப்பதில்லை. பம்பிலிருந்து கிளம்பி ஒவ்வொரு வால்வாகத் திறந்து பார்த்துக்கொண்டே போவார்கள். எந்த வால்வுவரை தண்ணீர் இருக்கிறது, எதற்குப் பிறகு இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு.

"உன் கடுதாசி கிளம்பின எடம் எது? அங்கிருந்து வா."

மேடத்திடமிருந்து ஆரம்பித்தோம். அவர் கொடுத்துவிட்டார். துறைத் தலைவர் மேசையில் கடிதம் இல்லை. அங்கே இருந்த பதிவில் முதல்வர் அலுவலகத்துக்கு என்று எழுதியிருந்தது. முதல்வர் அலுவலகத்தில் வந்த கடிதங்களின் பதிவில் எண் இருந்தது. அனுப்பிய கடிதங்களின் பதிவில் எண் இல்லை. அடைப்பு அந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவில். அங்கிருந்த உதவியாளர் அம்மாவிடம் சித்தப்பா, "அனுப்பிட்டீங்களா" என்று கேட்கவில்லை. "அனுப்பு எண் குடுங்கம்மா" என்றார். எண் கேட்டவுடன் அந்த அம்மா தேட ஆரம்பித்தார். கையெழுத்துக்குப் போன கோப்பின் அடியில் கடிதம் இருந்தது. முதல்வர் கையெழுத்துப் போட்டிருந்தார். மார்க் தாளின் நகலில் உண்மை நகல் என்ற முத்திரை இல்லை. அதற்காக எடுத்து வைத்தவர் விடுப்பில் போய்விட்டார். அவ்வளவுதான்.

முத்திரை விழுந்தது. எண் விழுந்தது. ஆபீஸ் அண்ணன் உறையை ஒட்டி, மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் கல்லூரி ஊழியர் கையில் கொடுத்து, அங்கே தபால் பிரிவில் வாங்கியதற்கு முத்திரை போட்டு நகல் கொண்டுவரச் சொன்னார். அந்த நகலில் இருந்த வரவு எண்தான் பிறகு எங்களுக்கு எல்லாம். போன் செய்தால் கதை சொல்லவேண்டாம். எண்ணைச் சொன்னால் எந்தப் பிரிவில், யார் மேசையில் என்று பதில் வந்தது.

மாதக் கடைசி நெருங்கியது. திருத்தம் வரும், எப்போது என்று சொல்ல முடியாது. ஆபீஸ் அண்ணன்தான் இன்னொரு வழி சொன்னார். அக மதிப்பெண் பதிவில் பிழை நேர்ந்திருக்கிறது, திருத்தம் இந்த எண்ணில் அனுப்பப்பட்டிருக்கிறது, முடிவு வரவேண்டியுள்ளது என்று முதல்வர் ஒரு சான்று தருவார். அதைக் குடிநீர் அலுவலகத்தில் கொடுத்து அவகாசம் கேட்கலாம். சித்தப்பா அந்தச் சான்றையும், வரவு முத்திரை விழுந்த நகலையும், மற்றப் பாடங்களின் பட்டியலையும் கொண்டுபோய்க் கொடுத்தார். சான்றிதழ் சரிபார்ப்பு அன்று அசல் பட்டியலைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கொடுத்ததை ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று வீட்டில் சித்தப்பா முதல் முறையாகப் பெயில் என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். சித்தி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா என்னன்னா. வேற ஒண்ணும் சொல்லல."

சரிபார்ப்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பல்கலைக்கழகத்திலிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. மூன்று பேருடைய மார்க்கையும் வாயால் ஒருமுறை சொல்லச் சொன்னார்கள். சொன்னார். மறுநாள் இணையதளத்தில் அந்தப் பாடத்துக்கு எதிரே முப்பத்து மூன்றும் இருபதும் ஐம்பத்து மூன்று. தேர்ச்சி. என்னுடையது பதினெட்டாகியிருந்தது. ரிட்டர்ன் தன் பதினாலைப் படம் பிடித்து அனுப்பி, கீழே ஒரு சொட்டுக் கண்ணீர் போட்டிருந்தான்.

திருத்திய மதிப்பெண் பட்டியல் கல்லூரிக்கு வந்த அன்று நாங்கள் மூவரும் தேர்வுப் பிரிவு ஜன்னலில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் நீளமான வரிசை. ஆபீஸ் அண்ணன் பட்டியலை நீட்டி, வாங்கியதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். நானும் ரிட்டர்னும் போட்டுவிட்டு ஒதுங்கினோம். சித்தப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். தன் பேர், அப்பா பேர், பதிவெண், ஒவ்வொரு பாடமாக, ஒவ்வொரு எண்ணாக. பிறகு பதிவேட்டில் தன் வரிசையைத் தேடி, மேலே உள்ள பேரையும் கீழே உள்ள பேரையும் பார்த்தார். பின்னால் இருந்த ஒருத்தன் சலித்துக்கொண்டான்.

"என்னண்ணே, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறீங்க?"

"இரு தம்பி" என்றார் சித்தப்பா, தலையைத் தூக்காமல். "இன்னும் ரெண்டு வரி பெண்டிங்."